கொதிநீரில் அழியாத கடல்நஞ்சு: பேத்தை மீன், சிப்பி நஞ்சேற்றங்களில் சமையல் வெப்பத்தின் எல்லை

ஆய்வுச்சுருக்கம்

பேத்தை மீனில் காணப்படும் டெட்ரோடாக்சினும், நுண்பாசிப் பெருக்கத்தின்போது சிப்பி, மட்டி முதலியவற்றில் சேரும் சாக்சிடாக்சினும் மனிதனின் மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சுகளாகும். நன்றாக வேகவைத்தால் இவை நீங்கிவிடும் என்னும் நம்பிக்கை பல உயிரிழப்புகளுக்குக் காரணமாகியுள்ளது. சமையல் எவ்வெவ்வழிகளில் உணவைத் தீங்கற்றதாக்குகிறது என்பதைப் பகுத்து, அவற்றுள் எதுவும் இந்நஞ்சுகளிடம் ஏன் முழுமையாகப் பலிப்பதில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. 1987ஆம் ஆண்டு குவாதமாலாவில் மட்டிச் சாறு உண்டதால் நேர்ந்த நஞ்சேற்றம் இதற்குரிய முதன்மைச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பேத்தை மீன், மட்டி, டெட்ரோடாக்சின், சாக்சிடாக்சின், பாசிப் பெருக்கம், வெப்பம், அமிலம்.

முன்னுரை

1793ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள், வட அமெரிக்காவின் மேற்குக் கரையை அளந்துகொண்டிருந்த கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் மாலுமிகள், இன்றைய பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த ஒரு குடாவில் காலை உணவுக்காகக் கரையிறங்கினர். அங்குக் கிடைத்த சிப்பிகளை அவர்கள் நெருப்பில் சுட்டு உண்டனர். அது அவர்களுக்குப் புதிய பழக்கமன்று. அப்பயணத்தில் சிப்பி கிடைத்தபோதெல்லாம் அவ்வாறே உண்டு வந்தனர். அன்று உண்டவர்களுள் சிலருக்கு முகமும் கைகால்களும் மரத்துப்போயின. ஜான் கார்ட்டர் என்னும் மாலுமி அன்று பிற்பகலே உயிரிழந்தார். அவர் அடக்கம் செய்யப்பட்ட குடா இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இந்நிகழ்வில் கவனிக்கத்தக்க செய்திகள் இரண்டு. உண்ணப்பட்ட சிப்பி பச்சையானதன்று, நெருப்பில் சுடப்பட்டது. மேலும், முன்பு பலமுறை தீங்கு செய்யாத உணவே அன்று உயிரைப் பறித்தது. இவ்விரண்டும் சேர்ந்தே இந்நஞ்சேற்றத்தைப் புரிந்துகொள்வதைக் கடினமாக்குகின்றன. தமிழகத்திற்கும் இது அயலான செய்தியன்று. 1981ஆம் ஆண்டு வயலூரில் மட்டி உண்டவர்களுள் 85 பேர் நஞ்சேற்றத்திற்கு உள்ளாகி, மூவர் இறந்தனர். 1997ஆம் ஆண்டு கேரளத்தின் விழிஞத்தில் சிப்பி உண்ட ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், எழுவர் இறந்தனர்.

நஞ்சின் பிறப்பிடம்

சிப்பியும் மட்டியும் நஞ்சைத் தாமே உண்டாக்குவதில்லை. அவை கடல்நீரை உள்ளிழுத்து, அதில் மிதக்கும் நுண்பாசிகளை வடிகட்டி உண்கின்றன. அலெக்சாண்ட்ரியம், ஜிம்னோடினியம் கேடினேட்டம், பைரோடினியம் பகாமென்சி முதலிய டைனோஃபிளாஜெல்லேட் நுண்ணுயிர்கள் சாக்சிடாக்சினையும் அதன் இன நஞ்சுகளையும் உண்டாக்குவன. நீரின் வெப்பநிலை, ஊட்டப்பொருள், நீரோட்டம் ஆகியவை ஏற்றவாறு அமையும்போது இவை பெருகுகின்றன. இதுவே பாசிப் பெருக்கம் எனப்படுகிறது. லிட்டர் லிட்டராக நீரை வடிகட்டும் சிப்பியின் செரிமான உறுப்பில் நஞ்சு நாள்தோறும் திரள்கிறது. சிப்பிக்கு அதனால் பெரும்பாலும் கேடில்லை. பெருக்கம் அடங்கிய பின் பல சிப்பியினங்கள் சில வாரங்களில் நஞ்சை வெளியேற்றிவிடுகின்றன. அலாஸ்காவின் சாக்சிடோமஸ் மட்டி போன்ற சில இனங்களிலோ அது மாதக்கணக்கில் தங்குகிறது. இம்மட்டியின் பெயரிலிருந்தே சாக்சிடாக்சின் என்னும் பெயர் பிறந்தது. நேற்றுவரை நல்லுணவாக இருந்த சிப்பி இன்று நஞ்சாவதற்குக் காரணம் இதுவே.

பேத்தை மீனின் நஞ்சான டெட்ரோடாக்சினுக்கு ஜப்பானிய அறிஞர் தஹாரா யோஷிசுமி 1909ஆம் ஆண்டு பெயரிட்டார். இதை உண்டாக்குபவை சிலவகைக் கடல் பாக்டீரியாக்கள் என்றும், உணவுச்சங்கிலி வழியாக அது மீனில் சேர்கிறது என்றும் ஆய்வாளர் கருதுகின்றனர். நஞ்சற்ற தீவனம் கொடுத்து வளர்க்கப்படும் பேத்தை மீன்களில் நஞ்சு காணப்படாமை இதற்கு வலுவான சான்றாகும். இயற்கையில் பிடிபடும் மீனில் ஈரலும் சினைப்பையும் பெரும்பாலும் மிகுந்த நஞ்சுடையவை. சில இனங்களில் தோலிலும், வேறு சிலவற்றில் தசையிலும்கூட நஞ்சு உண்டு. இனம், பருவம், கடற்பகுதி ஆகியவற்றுக்கேற்ப அதன் அளவு வேறுபடுவதால், ஒரு மீனை உண்டு பிழைத்த பட்டறிவு அடுத்த மீனுக்குப் பொருந்தாது.

பிறப்பிடம் வேறாயினும் இவ்விரு நஞ்சுகளும் உடலில் செய்யும் வேலை ஒன்றே. நரம்பு வழியே செய்தி செல்ல வேண்டுமாயின், நரம்பணுவின் சவ்விலுள்ள நுண்வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உட்புக வேண்டும். இந்நஞ்சுகளின் மூலக்கூறு அவ்வாயிலின் வெளிமுகத்தில் அடைப்பான்போலப் பொருந்திக்கொள்கிறது. அயனி உட்புகாது, செய்தி நின்றுபோகிறது, மூளையின் கட்டளை உதரவிதானத்தை அடையாமல் மூச்சு அடங்குகிறது. பேத்தை மீனின் நுண்வாயிலோ அமைப்பில் சற்று மாறுபட்டிருப்பதால் நஞ்சு அங்குப் பொருந்துவதில்லை.

சமையல் உணவைக் காக்கும் மூன்று வழிகள்

வேகவைத்தால் தீங்கு நீங்கும் என்பது வெறும் மூடநம்பிக்கையன்று. சமையல் மூன்று வழிகளில் உணவை உண்மையாகவே பாதுகாப்பாக்குகிறது. அவற்றை வேறுபடுத்திக் கண்டால்தான் கடல்நஞ்சிடம் அது தோற்கும் இடம் புலப்படும்.

முதல் வழி, உயிருள்ளவற்றைக் கொல்லுதல். இறைச்சியிலும் பாலிலும் உள்ள நோய்க்கிருமிகள் கொதிநிலையில் மடிகின்றன. ஆனால் இங்கு நஞ்சு ஓர் உயிரன்று. நுண்பாசியோ பாக்டீரியாவோ இறந்தாலும், அவை முன்பே உண்டாக்கிவிட்ட நஞ்சு அப்படியே எஞ்சி நிற்கும்.

இரண்டாம் வழி, புரதத்தை உருக்குலைத்தல். சிவப்பு ராஜ்மா பயற்றைச் சரிவர வேகவைக்காமல் உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். நன்கு கொதிக்கவைத்தால் கேடில்லை. அதிலுள்ள நஞ்சு லெக்டின் என்னும் புரதமாகும். புரதம் என்பது நீண்ட சங்கிலி மடிந்து சுருண்டு ஒரு வடிவம் பெற்றது. வெப்பம் அம்மடிப்பைக் குலைத்தவுடன் அதன் செயலும் அழிகிறது. முட்டையின் வெண்கரு வெந்ததும் கெட்டியாவது இம்மாற்றமே. வெண்கருவின் முதன்மைப் புரதத்தின் மூலக்கூறு நிறை ஏறத்தாழ 45,000. டெட்ரோடாக்சினின் நிறை 319. சாக்சிடாக்சினின் நிறை 299. இவை மடிக்கப்பட்ட சங்கிலிகள் அல்ல. அணுக்கள் வளையங்களாக ஒன்றோடொன்று இறுகப் பிணைந்த சிறு கூடுகள். இவற்றில் குலைப்பதற்கு மடிப்பே இல்லை. அணுப்பிணைப்புகளையே அறுத்தாக வேண்டும். நீர் கொதிக்கும் 100 பாகை வெப்பம் அதற்குப் போதாது. தூய டெட்ரோடாக்சின் 220 பாகைக்கு மேல்தான் கருகத் தொடங்குகிறது. எண்ணெயில் பொரித்தாலும் பயனில்லை. எண்ணெய் 180 பாகையில் இருந்தாலும், ஈரம் உள்ளவரை மீன்துண்டின் உட்பகுதி ஏறத்தாழ 100 பாகையைத் தாண்டுவதில்லை.

மூன்றாம் வழி, கரைத்து வெளியேற்றுதல். மரவள்ளிக் கிழங்கைத் துருவி ஊறவைத்தும், வேகவைத்த நீரைக் கொட்டியும் அதன் சயனைடுக் கூறுகளைக் குறைக்கிறோம். கடல்நஞ்சிடம் ஓரளவேனும் வேலை செய்வது இம்மூன்றாம் வழியே. ஆயினும் அதுவே பெரும் ஏமாற்றத்திற்கும் இடமளிக்கிறது.

சோதனைக்கூடத்தில் நிகழும் சமையல்

வெப்பத்தின் எல்லையை உணர்த்த, நஞ்சை அளக்கும் முறையைவிடத் தெளிவான சான்று வேறில்லை. சிப்பிநஞ்சை அறிவதற்கு நீண்ட காலம் உலகெங்கும் கையாளப்பட்டது சுண்டெலிச் சோதனையாகும். அதில் 100 கிராம் சிப்பிச் சதையை அரைத்து, 100 மில்லிலிட்டர் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் கலந்து, ஐந்து நிமிடம் மெல்லக் கொதிக்கவைப்பர். ஆறிய பின் தெளிந்த சாற்றில் 1 மில்லிலிட்டரை ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ள சுண்டெலியின் வயிற்றறைக்குள் செலுத்துவர். அது இறக்க எடுத்துக்கொள்ளும் நேரத்திலிருந்து நஞ்சின் அளவு கணக்கிடப்படும். பேத்தை மீனுக்கான ஜப்பானிய முறையிலும் சதையை நீர்த்த அசெட்டிக் அமிலத்துடன் சேர்த்துக் கொதிநீர்த் தொட்டியில் பத்து நிமிடம் சூடாக்கியே சாறு எடுக்கின்றனர்.

அதாவது, நஞ்சைச் சதையிலிருந்து சிதையாமல் வெளிக்கொணர்வதற்குச் சோதனைக்கூடம் கையாளும் முதற்படியே புளிப்பூட்டி வேகவைத்தலாகும். அடுப்படியில் புளியோ எலுமிச்சையோ தக்காளியோ சேர்த்துக் குழம்பு வைப்பதும் தன்மையால் அதே செயல்தான். சாக்சிடாக்சின் அமிலத்தில் நிலைத்து நிற்பது. காரத்தன்மையில் வெப்பம் சேரும்போதுதான் சிதைவது. உணவிலோ பெரும்பாலும் மென்மையான புளிப்பே உள்ளது. ஆகவே, புளி நஞ்சை முறிக்கும் என்பது இங்குப் பொருந்தாது. மேலும், சிப்பியில் சேரும் நஞ்சுக் கூட்டத்தில் வலுக்குறைந்த சில வடிவங்களும் உண்டு. வெப்பமும் அமிலமும் சேரும்போது அவற்றின் கந்தகக் கூறு கழன்று, பன்மடங்கு வலிய வடிவங்களாக அவை மாறக்கூடும். அத்தகைய சிப்பியில் சமையல் நஞ்சைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டவும் செய்யலாம்.

சாம்பெரிக்கோ: சாற்றில் இறங்கிய நஞ்சு

1987ஆம் ஆண்டு சூலை இறுதியில், குவாதமாலா நாட்டின் பசிபிக் கரையிலுள்ள சாம்பெரிக்கோவில் மக்கள் கடற்கரையில் திரட்டிய சிறு மட்டிகளைச் சாறாகக் காய்ச்சி உண்டனர். 187 பேர் நஞ்சேற்றத்திற்கு உள்ளாயினர்; 26 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்ட சிறு குழந்தைகளுள் பாதிப்பேர் இறந்தனர். பெரியவர்களுள் இறந்தோர் நூற்றுக்கு ஏழு பேர் அளவினரே. உண்டவை கொதித்த சாற்றில் வெந்த மட்டிகள் என்பதில் ஐயமில்லை.

இதில் நிகழ்ந்ததை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்கலாம். மட்டிச் சதையில் 100 கிராமுக்கு 1,000 மைக்ரோகிராம் நஞ்சு உள்ளதெனக் கொள்வோம். 200 கிராம் சதையை வேகவைத்தால் அதில் மொத்தம் 2,000 மைக்ரோகிராம், அதாவது 2 மில்லிகிராம் இருக்கும். கொதிக்கும்போது பாதி நஞ்சு நீரில் இறங்கிவிட்டதாகக் கொண்டால், சதையில் 1 மில்லிகிராமும் சாற்றில் 1 மில்லிகிராமும் நிற்கும். சதையை மட்டும் சோதிப்பவருக்குச் சமையலால் நஞ்சு பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றும். சாற்றோடு உண்பவருக்கோ ஒரு துளியும் குறையவில்லை. மனிதரைக் கொல்லும் அளவு ஏறத்தாழ 1 முதல் 4 மில்லிகிராம் என மதிப்பிடப்படுவதால், நீரைக் கொட்டிவிட்டு எஞ்சிய சதையை மட்டும் உண்பதும் காப்பாகாது.

குழந்தைகளின் நிலை இதனினும் கொடியது. பெரியவருக்கும் குழந்தைக்கும் ஒரே அளவு சாறு பரிமாறப்பட்டால், 60 கிலோ எடையுள்ளவரைவிட 15 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஒவ்வொரு கிலோவுக்கும் நான்கு மடங்கு நஞ்சு சேர்கிறது. சதையை மெல்ல இயலாத குழந்தைக்குச் சாற்றை ஊட்டும் தாயின் பரிவே இங்கு கேடாய் முடியக்கூடும். சாம்பெரிக்கோவின் இறப்புக் கணக்கில் தெரியும் வேறுபாட்டிற்கு உடல் எடையோடு மருத்துவ உதவி கிட்டாமையும் காரணமாகலாம்.

வெப்பத்தால் பயன் விளையும் விலக்கு

வெப்பமுறையால் சிப்பிநஞ்சைக் குறைக்கச் சட்டம் இசைவளித்த நிகழ்வும் உண்டு. ஸ்பெயினில் உண்ணப்படும் அகாந்தோகார்டியா டியூபர்குலேட்டா என்னும் சிப்பிக்காக 1996ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆணையம் ஒரு விதிமுறை வகுத்தது. உலகின் பல நாடுகளில் 100 கிராம் சதைக்கு 80 மைக்ரோகிராம் என்பதே ஏற்கத்தக்க உச்ச அளவு. இச்சிப்பியில் அது 80க்கு மேல் இருந்தாலும் 300க்கு உட்பட்டிருந்தால் பதப்படுத்தலாம் என அவ்விதி கூறுகிறது.

அதன் படிகள் நோக்கத்தக்கன. சிப்பியைக் கழுவி, 95 பாகை நன்னீரில் குறைந்தது மூன்று நிமிடம் வேகவைத்து, ஓடு நீக்கி, ஓடும் நீரில் மீண்டும் கழுவ வேண்டும். பின்னர் 98 பாகை நன்னீரில் ஒன்பது நிமிடம் வேகவைத்துக் குளிர்விக்க வேண்டும். அடுத்து, குடல், செவுள் முதலிய பகுதிகளை நீக்கி, உண்ணத்தக்க காற்பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். அதைப் புளிப்பூட்டாத நீர்மத்தில் இட்டு, காற்றுப்புகாதவாறு அடைத்து, 116 பாகைக்குக் குறையாத வெப்பத்தில் 51 நிமிடமேனும் அழுத்தக்கலனில் வைக்க வேண்டும். இவ்வளவுக்குப் பின்னும் ஒவ்வொரு தொகுதியும் சோதிக்கப்பட்ட பிறகே விற்பனைக்குச் செல்லும்.

இவ்விலக்கு மேற்கூறிய கருத்தை மறுப்பதன்று, உறுதிப்படுத்துவதே. இங்கு நஞ்சு குறைவதற்குப் பெருங்காரணம் வேகவைத்த நீர் மீண்டும் மீண்டும் கொட்டப்படுவதும், நஞ்சு திரண்ட உறுப்புகள் வெட்டி எறியப்படுவதுமாகும். தொடக்க அளவு சோதனையால் அறியப்பட்டிருக்கிறது, அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு, முடிவும் சோதிக்கப்படுகிறது. இவற்றுள் எதுவும் வீட்டு அடுக்களையில் இயலாது. இம்முறை பிற சிப்பியினங்களுக்கும் பொருந்தும் எனக் கொள்ளவும் இடமில்லை.

பேத்தை மீனும் பழகாத கைகளும்

பேத்தை மீனை விரும்பி உண்ணும் ஜப்பானில் பாதுகாப்பு வெப்பத்தை நம்பி அமையவில்லை. இனத்தை அடையாளம் காணுதல், நஞ்சுறுப்புகளைக் கிழியாமல் பிரித்தெடுத்தல், அவற்றைப் பூட்டிவைத்து அழித்தல் என்பனவே அங்குப் பயிற்சி பெற்றோரின் பணிகள். ஈரலைப் பரிமாறுவது தடைசெய்யப்பட்டுள்ளது. 1975ஆம் ஆண்டு புகழ்பெற்ற கபுகி நடிகர் எட்டாம் பாண்டோ மிட்சுகோரோ, கியோட்டோவில் பேத்தை ஈரலை விரும்பிக் கேட்டு உண்டு இறந்தார்.

அறிவு வந்து சேராத இடத்திற்கு மீன் வந்து சேர்ந்தால் என்னாகும் என்பதற்கு வங்காளதேசம் சான்று. 2008ஆம் ஆண்டு அங்குக் கடற்பேத்தைகள் உள்நாட்டுச் சந்தைகளுக்கு விற்பனைக்கு வந்தன. அவற்றைச் சமைத்து உண்டவர்களுள் 141 பேர் பாதிக்கப்பட்டு, 17 பேர் இறந்தனர். தலையும் தோலும் நீக்கித் துண்டாக்கிய மீனை வாங்குபவர் அதன் இனத்தைக் கண்டறிய இயலாது. துண்டாக்கும்போது ஈரலோ சினைப்பையோ கிழிந்திருந்தால் நஞ்சு சதையிலும் படிந்திருக்கும்.

கண்டறிதலும் முதலுதவியும்

இந்நஞ்சுகளுக்கு நிறமோ மணமோ தனிச்சுவையோ இல்லை. வெள்ளிக் காசு கறுத்தல், பூண்டு நிறம் மாறுதல் முதலிய வழக்காற்றுச் சோதனைகளுக்கு இவை அகப்படா. கடல்நீரின் நிறமும் நம்பத்தக்கதன்று. நீர் தெளிவாகத் தோன்றும்போதே சிப்பியில் நஞ்சு ஏறியிருக்கலாம். செந்நிறமாகத் தோன்றும் பெருக்கங்கள் பலவற்றில் இந்நஞ்சு இல்லாமலும் இருக்கலாம்.

உடலே முதலில் அறிவிக்கிறது. உண்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்திற்குள் உதடும் நாக்கும் கூசி மரத்துப்போகின்றன. பின்னர் விரல்நுனிகள் மரக்கின்றன, நடை தள்ளாடுகிறது, பேச்சுக் குழறுகிறது, தசைகள் தளர்ந்து மூச்சு முட்டுகிறது. உதடு மரத்தவுடன் மருத்துவமனை சேர்தல் வேண்டும். இந்நஞ்சுக்கு மாற்று மருந்தில்லை. ஆனால் நஞ்சு நரம்பை அழிப்பதில்லை. வாயிலை அடைத்து, சிறுநீர் வழியாக உடலைவிட்டு நீங்கும்போது அடைப்பும் விலகுகிறது. எனவே, செயற்கைச் சுவாசத்தால் முதல் 24 மணி நேரத்தைக் கடந்தோர் பெரும்பாலும் முழு நலம் பெறுகின்றனர். உடல் அசைவற்றுக் கிடக்கும்போதும் நோயாளிக்கு நினைவு தெளிவாக இருக்கக்கூடும் என்பதை உடனிருப்போர் மறத்தலாகாது.

முடிவுரை

சமையல் வெப்பம் உயிருள்ளதைக் கொல்லும்; மடிந்த புரதத்தைக் குலைக்கும். டெட்ரோடாக்சினும் சாக்சிடாக்சினும் இவ்விரண்டிலும் அடங்காதவை. அடுப்பு அவற்றைச் சதையிலிருந்து சாற்றுக்கு இடம் மாற்றுகிறதேயன்றி அழிப்பதில்லை. சதையும் சாறும் ஒரே கலத்தில் பரிமாறப்படும் உணவுமுறையில் அவ்விடமாற்றத்தால் பயனேதும் இல்லை.

ஆகவே, பாதுகாப்பு அடுக்களைக்கு முன்பே முடிவாக வேண்டியது. பாசிப் பெருக்கக் காலங்களில் சிப்பிப் படுகைகளின் சதையைச் சோதித்து, அளவு மீறியபோது அறுவடையை நிறுத்துவதும், கரைக்கு வந்த பேத்தை மீன் துண்டாகிச் சந்தைக்குச் செல்லாமல் தடுப்பதும் அதற்குரிய வழிகள். வயலூரிலும் சாம்பெரிக்கோவிலும் உண்டவர்கள் கவனமின்றிச் சமைத்தவர்கள் அல்லர். எத்துணைக் கவனமாகச் சமைத்தாலும் நீங்காத ஒன்று அவர்கள் கலத்தில் இருந்தது. அதை முன்னரே அளந்து சொல்ல எவரும் அங்கு இல்லை என்பதே அவ்விறப்புகள் உணர்த்தும் குறைபாடாகும்.